மாமாவின் வாய்க்கு ஏற்ற ஆங்கிலம்

கேள்வி: என் தாய்மாமாவுக்கு அணக்கரையில் ஏலத்தோட்டம். வீட்டில் தமிழ்தான், பள்ளிக்கூடம் பத்தாவது வரை மலையாளம். அடுத்த மாதம் கொச்சியில் வெளிநாட்டு வியாபாரிகள் முன்னால் ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பேச்சை நான் எழுதித் தர வேண்டும். சின்னச் சின்ன வார்த்தைகளாகப் போட்டால் போதுமா, வேறு எதையும் பார்க்க வேண்டுமா?

பதில்:

போதாது. சின்ன வார்த்தை வேறு, வாய்க்குச் சுலபமான வார்த்தை வேறு. 'ஸ்ட்ரெங்த்' என்பது ஆங்கிலக் கணக்கில் ஒரே அசைதான். 'மந்த்ஸ்', 'ஆஸ்க்ட்', 'டெஸ்ட்ஸ்' எல்லாமும் ஓரசைச் சொற்களே. ஆனால் மேடையில் பதற்றத்தோடு நிற்கும் ஒருவருக்கு இவை ஒவ்வொன்றும் ஒரு கல். மறுபக்கம் 'கார்டமம்' மூன்று அசை, 'ஃபேமிலி' மூன்று அசை; இரண்டும் தடையில்லாமல் உருண்டு வரும். கம்பம், குமுளி, வண்டன்மேடு பக்கத்து விவசாயிகளுக்கும் சங்கத்துக்காரர்களுக்கும் ஆங்கிலப் பேச்சு எழுதித் தருவது என் வேலையின் ஒரு பகுதி. நான் எழுத்துகளை எண்ணுவதில்லை. அந்தச் சொல் எப்படித் தொடங்குகிறது, எப்படி முடிகிறது, எந்த இடத்தில் ஓங்குகிறது என்று மூன்றை மட்டும் பார்ப்பேன்.

தொடக்கத்தையும் முடிவையும் பார்க்க வெளியிலிருந்து எந்த விதியும் வேண்டாம், பள்ளியில் படித்த தமிழ் இலக்கணமே போதும். தமிழில் எந்தச் சொல்லும் இரண்டு மெய் சேர்ந்து தொடங்காது. வல்லின மெய்யில் எந்தச் சொல்லும் முடியாது. அதனால்தான் நமக்குக் குற்றியலுகரம் இருக்கிறது. 'பாட்', 'காத்' என்று நிற்காமல் 'பாட்டு', 'காத்து' என்று ஒரு குறுகிய உகரத்தில் போய் இறங்குகிறோம். நாக்கு சின்ன வயதிலிருந்து இப்படிப் பழகியது. ஆங்கிலம் பேசும்போதும் அது தன் வழக்கத்தை விடாது.

சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய் வந்தால் எல்லாமே ஆபத்து என்று இல்லை. 'க்ரோ', 'ட்ரை', 'க்ரீன்' போன்றவற்றில் மாமா நடுவில் ஒரு சின்ன இகரத்தைச் செருகி 'கிரோ', 'டிரை', 'கிரீன்' என்பார். கேட்பவருக்கு அதில் குழப்பம் வராது, அப்படியே விடுங்கள். வம்பு வருவது 'ஸ்' முன்னால் நிற்கும்போது. நாக்கு அதற்கு முன்னே ஓர் இகரம் போட்டுக்கொள்ளும்: இஸ்கூல், இஸ்டார்ட், இஸ்பீட். மாமா விஷயத்தில் இது வெறும் உச்சரிப்புக் குறை இல்லை, பொருளே மாறிவிடும். 'ஸ்டேட்' என்பதும் 'எஸ்டேட்' என்பதும் அவர் வாயில் ஒன்றாகிவிடும். "எங்கள் எஸ்டேட்டில் இந்த வருடம் விளைச்சல் குறைவு" என்று சொன்னால், குறைந்தது கேரள மாநிலத்து விளைச்சலா, அவர் தோட்டத்து விளைச்சலா? விலை பேச வந்தவருக்கு இரண்டும் ஒன்றல்ல. பேசாமல் 'மை லேண்ட்' என்றும் 'கேரளா' என்றும் எழுதிவிடுங்கள்.

முடிவில்தான் அதிக வேலை. 'ட்', 'க்', 'ப்' என்று முடியும் சொற்களில் ஓர் உகரம் ஒட்டிக்கொள்ளும்; வாக்கியத்தின் நடுவே வந்தால் அடுத்த சொல்லோடு கலந்து மறைந்துவிடும். வாக்கியத்தின் கடைசியில் வந்தால் அப்பட்டமாகக் கேட்கும். எனவே ஒவ்வொரு வாக்கியமும் உயிரிலோ ன், ம், ல், ர் போன்ற மெய்யிலோ முடியும்படி பாருங்கள். 'ரெய்ன்', 'சாயில்', 'க்ரீன்', 'நவ்', 'ட்ரை', 'வாட்டர்' எல்லாம் நல்ல கடைசிச் சொற்கள். எல்லா வாக்கியத்துக்கும் இது நடக்காது, பாதிக்கு நடந்தாலே பேச்சின் ஓட்டம் மாறிவிடும்.

அதே முடிவில் இன்னொரு தொல்லை, இறந்தகாலம். 'பிக்ட்', 'வாஷ்ட்', 'பேக்ட்' என்று இரண்டு மெய் அடுக்கி நிற்கும். மாமா அதை 'பிக்கட்' என்று இரண்டு அசையாக்குவார், அல்லது கடைசி 'ட்' காணாமல் போகும். காலத்தை நிகழ்காலத்துக்கு மாற்றினால் இந்த முழுப் பிரச்சினையும் போய்விடுகிறது. எப்படியும் அவர் சொல்லப்போவது ஒவ்வொரு வருடமும் செய்கிற வேலையைத்தானே? 'வீ பிக்', 'வீ வாஷ்', 'வீ ட்ரை'. எழுவாயை 'வீ', 'யூ', 'ஐ' என்று வைத்துக்கொண்டால் வினையின் கடைசியில் 'ஸ்' போடும் தொந்தரவும் இல்லை.

மூன்றாவது, ஓங்கும் இடம். எழுதித் தருகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காதது இதைத்தான். ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்குள் ஓர் அசை மட்டும் ஓங்கி ஒலிக்கும், மற்றவை அமுங்கும். வெளிநாட்டுக்காரர் காது அந்த ஓங்கும் அசையைப் பிடித்துத்தான் சொல்லை அடையாளம் காண்கிறது. தமிழில் அப்படி ஓங்கலால் சொல் வேறுபடுவதில்லை. நாம் எல்லா அசையையும் ஏறக்குறைய சமமாகச் சொல்வோம், அல்லது முதல் அசையைச் சற்று அழுத்துவோம். 'டெவலப்', 'வெரைட்டி', 'சர்டிஃபிகேட்' மூன்றிலும் ஓங்க வேண்டியது இரண்டாவது அசை. மாமா முதல் அசையை ஓங்கினால் ஒலிகள் எல்லாம் சரியாக இருந்தும் எதிரே இருப்பவர் புருவத்தைச் சுருக்குவார். ஆகவே ஓரசைச் சொல்லாகத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் முதல் அசையில் ஓங்கும் சொல்லாகத் தேடுங்கள். 'ஃபார்மர்', 'மார்க்கெட்', 'கலர்', 'வாட்டர்', 'ஹார்வெஸ்ட்', 'கார்டமம்' எல்லாம் அந்த வகை. சந்தேகம் வந்தால் ஏதாவது ஆங்கில அகராதியில் பாருங்கள். உச்சரிப்புக் குறிப்பில் ஓங்கும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சின்னக் கோடு இருக்கும்.

இனி 'ப', 'க', 'ட' விவகாரம். தமிழ் எழுத்தில் மெலிந்த ஒலிக்கும் கடின ஒலிக்கும் ஒரே எழுத்து. நீங்கள் உச்சரிப்புக் குறிப்பைத் தமிழில் 'பேக்' என்று எழுதிக் கொடுத்தால் அது பொதி கட்டுவதா, முதுகா, பையா என்று யாருக்கும் தெரியாது. ஏலக்காய்க்காரர் பேச்சில் இந்த மூன்றில் இரண்டு கட்டாயம் வரும். இங்கே உங்கள் மாமாவுக்கு ஒரு வசதி இருக்கிறது: மலையாளத்தில் படித்தவர், அந்த எழுத்தில் இந்த ஒலிகள் எல்லாம் தனித்தனி. உச்சரிப்புக் குறிப்பு தேவைப்படும் இடங்களில் மலையாள எழுத்தில் எழுதிக் கொடுங்கள், அல்லது அவரையே தன் கையால் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். சித்தூர், குப்பம் பக்கம் தெலுங்கில் படித்த தமிழர்களுக்கும் இதே வழிதான். மூக்கொலிக்குப் பின்னால் வரும் 'ப்' மட்டும் மலையாளம் படித்தவர்களுக்கும் தப்பும். 'சிம்பிள்' என்று அவர் சொல்வது எளிமையைக் குறிக்கும் சொல்லாகவும் கேட்கும், சின்னத்தைக் குறிக்கும் சொல்லாகவும் கேட்கும். 'ஈஸி' என்று மாற்றுங்கள், முடிந்தது.

மாமா தினமும் தமிழிலேயே புழங்கும் ஆங்கிலச் சொற்கள் நிறைய இருக்கும். அவை வாய்க்குப் பழகியவை, பயன்படுத்தலாம். 'ஸ்ப்ரே' மூன்று மெய் சேர்ந்த சொல்தான், ஆனால் மருந்தடிக்கும் நாளில் எல்லாம் சொல்லிச் சொல்லி அது அவர் வாயில் தேய்ந்த சொல். ஆனால் இங்கே பொருளைப் பார்க்க வேண்டும். நம் பக்கம் 'ஸ்டோர்' என்றால் பச்சைக்காய் உலர்த்தும் இடம். காய் எடுத்த அன்றே ஸ்டோருக்குப் போகிறது என்றால் வண்டன்மேட்டில் சின்னப் பிள்ளைக்கும் புரியும். ரியாத்திலிருந்து வந்தவர் அதைக் கடை என்றோ கிடங்கு என்றோ எடுத்துக்கொள்வார். பச்சைக்காயை அப்படியே அடுக்கி வைக்கிறார்களா என்று பயப்படுவார். 'ட்ரை ரூம்' என்று போடுங்கள்.

வியாபாரத்துக்கே உரிய சொற்களை மட்டும் கடினமாக இருந்தாலும் மாற்றாதீர்கள். காயின் கனத்தைச் சொல்லும் 'லிட்டர் வெயிட்', பருத்த காயைச் சொல்லும் 'போல்ட்', மருந்து எச்சத்தைச் சொல்லும் 'ரெசிடியூ' ஆகியவற்றை வாங்க வந்தவர் எதிர்பார்க்கிறார். எச்சத்தைப் பற்றி அந்தச் சொல் இல்லாமல் சுற்றி வளைத்துப் பேசினால் ஏதோ மறைக்கிறார் என்று தோன்றும். இப்படிப்பட்ட சொற்களை நாலைந்துக்குள் வைத்து, அவற்றை மட்டும் தனியாகச் சொல்லிப் பழகட்டும்.

சரி, ஒரு பகுதியை எடுத்து மாற்றிப் பார்ப்போம். இந்த மாதிரிப் பேச்சுகளின் முதல் வாக்கியம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: 'இட் கிவ்ஸ் மீ இம்மென்ஸ் ப்ளெஷர் டு அட்ரஸ் திஸ் டிஸ்டிங்விஷ்ட் கேதரிங்.' பள்ளி ஆண்டு விழாவிலிருந்து வந்த வாக்கியம் இது. 'டிஸ்டிங்விஷ்ட்' நடுவில் ஓங்குகிறது, இரண்டு மெய்யில் முடிகிறது. அதைத் தாண்டுவதற்குள் மாமாவுக்கு மூச்சு போய்விடும். அதில் செய்தி எதுவும் இல்லை என்பது அதைவிட மோசம். இதை எடுத்துவிட்டு: 'குட் மார்னிங். ஐ க்ரோ கார்டமம். மை லேண்ட் இஸ் இன் இடுக்கி, ஹை அப் இன் தி ஹில்ஸ், நியர் தி தமிழ்நாடு பார்டர்.' மூன்று வாக்கியம். ஆள் யார், பொருள் என்ன, இடம் எங்கே என்று முடிந்துவிட்டது. மூன்றாவது வாக்கியத்தை வேண்டுமென்றே நீளமாக விட்டிருக்கிறேன். எல்லாமே நாலு சொல்லில் வெட்டி வெட்டி வந்தால் ஒன்றாம் வகுப்புப் பாடம் வாசிப்பது போல இருக்கும், மாமாவின் வயதுக்கும் அனுபவத்துக்கும் அது மரியாதை இல்லை. நீளமாக விடலாம், ஆனால் மூச்சு விடும் இடம் தெளிவாக இருக்க வேண்டும்.

அடுத்து உலர்த்தும் பகுதி. இங்கே எழுதுகிறவர்களுக்குக் கை துருதுருவென்று இருக்கும்: 'சயன்டிஃபிகலி கன்ட்ரோல்ட் டீஹைட்ரேஷன் மெத்தடாலஜி', 'ரிடென்ஷன் ஆஃப் க்ளோரோஃபில்', 'வோலட்டைல் ஆயில்'. இதற்குள் இருக்கும் செய்தி என்ன? பறித்த காயில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். அதை மூடிய அறையில், 50 டிகிரி சுற்றுவட்டாரச் சூட்டில், ஏறக்குறைய ஒரு நாள் வைத்து, ஈரம் பத்துப் பன்னிரண்டு சதவீதத்துக்கு வரும்வரை உலர்த்துகிறார்கள். சூடு மிஞ்சினால் பச்சை நிறமும் போகும், வாசனைத் தைலமும் போகும். இதைத்தான் அவர் சொல்ல வேண்டும்:

'வீ பிக் தி பாட்ஸ் பை ஹேண்ட்.
வீ வாஷ் தெம் அண்ட் டேக் தெம் டு தி ட்ரை ரூம்.
தி ரூம் இஸ் வார்ம், நாட் ஹாட்.
வீ கிவ் இட் ஒன் ஃபுல் டே.
ஸோ வீ கீப் தி கலர்.
வீ கீப் தி ஆயில்.
ஃபைவ் கிலோ க்ரீன், ஒன் கிலோ ட்ரை.'

'இட் டேக்ஸ் எ டே' என்று முதலில் வரும். 'டேக்ஸ்' வரியைக் குறிக்கும் சொல்லோடு நெருங்கி ஒலிக்கும், அதனால் 'வீ கிவ் இட்'. 'ஸ்டேஸ் க்ரீன்' என்று எழுதத் தோன்றும். 'ஸ்' முன்னால் வருகிறது, அதனால் 'கீப்'. 'கீப்' இரண்டு முறை வருவது குறை இல்லை. எழுத்தில் ஒரே சொல் திரும்ப வந்தால் மாற்றச் சொல்லிப் பழகியிருப்போம், மேடையில் அது வேண்டாம். 'பாட்ஸ்' என்று தொடங்கினால் கடைசிவரை 'பாட்ஸ்'தான். ஓர் இடத்தில் 'கேப்ஸ்யூல்', இன்னோர் இடத்தில் 'ஃப்ரூட்' என்று மாற்றினால் மூன்று வேறு பொருள் என்று எதிரே இருப்பவர் நினைப்பார். கேட்பவர்களிலும் பலருக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி என்பதை மறக்க வேண்டாம். 'புட் அப் வித்', 'மேக் டூ' மாதிரிச் சின்னச் சொல் கூட்டங்கள் மாமாவின் வாய்க்குச் சுலபம், அரபுக்காரர் காதுக்குக் கடினம். அவற்றைத் தொடாதீர்கள்.

பணம் போகும் இடங்கள் இரண்டு. ஒன்று 'கேன்', 'கான்ட்'. கடைசி 'ட்' விழுந்துவிட்டால் முடியாது என்பது முடியும் என்றாகிவிடும். "இந்த விலைக்குத் தர முடியாது" என்று சொன்னதாக மாமா நினைப்பார், சரி என்று சொன்னதாக வந்தவர் நினைப்பார். பேச்சு முழுவதிலும் 'கேன்னாட்', 'டூ நாட்', 'வில் நாட்' என்று விரித்தே எழுதுங்கள். இரண்டாவது, எண்கள். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' இரண்டுக்கும் ஓங்கும் இடம்தான் முக்கிய வேறுபாடு, அதுதான் நமக்குக் கைகொடுக்காதே. பதின்மூன்று-முப்பது, பதினாறு-அறுபது எல்லாம் இதே கதை. எண்ணைச் சொன்னவுடன் இலக்கமாகவும் சொல்லட்டும்: 'ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்.' முக்கியமான எண்கள் திரையிலும் இருக்கட்டும். வரிசை எண்ணில் 'சிக்ஸ்த்', 'ட்வெல்ஃப்த்' வேண்டாம். 'டே சிக்ஸ்', 'இயர் ட்வெல்வ்' என்று மாற்றலாம். லட்சம் என்று எழுதினால் வெளிநாட்டில் புரியாது, 'ஹண்ட்ரட் தௌசண்ட்' என்று எழுதுங்கள். தாளில் எண்களை எழுத்தாலேயே எழுதுங்கள். 100000 என்று இருந்தால் பதற்றத்தில் சுழியங்களை எண்ணிக்கொண்டு நிற்பார்.

நீளத்துக்கு வருவோம். ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ளவர் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு நூறு சொல்லுக்கு மேல் போகாது, போகவும் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு நானூறு சொல் எழுதுங்கள். மிச்சம் இருக்கும் நேரம் மூச்சுக்கும், திரையைக் காட்டுவதற்கும், தண்ணீர் குடிப்பதற்கும் சரியாக இருக்கும். தாளில் பெரிய எழுத்து, வரிக்கு இரண்டு மடங்கு இடைவெளி, ஒரு மூச்சுக்கு ஒரு வரி. ஒரு வாக்கியம் பக்கம் தாண்டவே கூடாது. ஓங்கும் அசையை அடிக்கோடிடுங்கள், ஆனால் ஒரு பக்கத்தில் நாலைந்து சொல்லுக்கு மட்டும். எல்லாவற்றுக்கும் கோடு போட்டால் எதுவும் கண்ணில் படாது.

எழுதி முடித்ததும் மாமாவிடம் கொடுத்து, முன்னால் பார்க்க விடாமல், அப்படியே சத்தமாக வாசிக்கச் சொல்லிப் போனில் பதிவு செய்யுங்கள். அவர் தடுமாறும் இடத்தில் குறுக்கிட்டுத் திருத்த வேண்டாம். உங்கள் பிரதியில் ஒரு புள்ளி வையுங்கள். மறுநாள் இன்னொரு முறை. இரண்டு முறையும் ஒரே சொல்லில் புள்ளி விழுந்தால் பயிற்சி கொடுக்காமல் சொல்லை மாற்றுங்கள். வீட்டில் இருபது முறை சரியாகச் சொன்ன சொல் மைக் முன்னால் பழைய நிலைக்குத்தான் போகும். முதல் முறை மட்டும் தடுக்கியிருந்தால் கவலையில்லை, பழகிவிடும்.

அப்புறம் மாமாவின் பேச்சுக்குப் பழகாத ஒருவரைக் கூட்டி வாருங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கு அவர் எப்படிச் சொன்னாலும் புரியும், அந்தச் சோதனை செல்லாது. புத்தடியிலோ போடியிலோ நடக்கும் ஏலக்காய் ஏலத்துக்கு வரும் வெளிமாநில வியாபாரி யாராவது தெரிந்தவர் இருந்தால் மிகவும் நல்லது. கையில் தாள் கொடுக்காமல் கேட்க வைத்து, முடிந்ததும் எத்தனை கிலோ, காய் எத்தனை எம்எம், எத்தனை நாள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் எண் மாமா சொன்ன எண்ணாக இல்லாவிட்டால் அந்த வரியை மாற்றி எழுத வேண்டும், அல்லது திரைக்கு அனுப்ப வேண்டும்.

பேச்சு முடிந்தபின் கேள்வி வரும். அதற்குப் பேச்சு எழுதித் தருபவர்கள் எதுவும் எழுதித் தருவதில்லை, மாமா அங்கேதான் தனியாக நிற்பார். மூன்று வாக்கியம் மனப்பாடமாக இருக்கட்டும். புரியாவிட்டால் 'ப்ளீஸ் ஸே இட் அகெய்ன்'. புரிந்தும் ஆங்கிலத்தில் சொல்ல வராவிட்டால் 'மை நெஃப்யூ வில் டெல் யூ', உடனே நீங்கள் எழுந்து நிற்க வேண்டும், அதனால் முன் வரிசையில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். மருமகளாக இருந்தால் 'நெஃப்யூ'வை 'நீஸ்' ஆக்கிவிடுங்கள். விலையைக் கேட்டால் மூன்றாவது: 'லெட் அஸ் டாக் ஓவர் டீ.' விலையை மைக்கில் சொல்ல எந்தத் தோட்டக்காரரும் விரும்பமாட்டார், கேட்டவருக்கும் அது தெரியும்.